நேற்றைய புவியியல் கொப்பியை இன்று ஒருக்கால் வாசியுங்கள், விளங்காத இடத்தில் குறி போடுங்கள்

பிள்ளைகளுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலமாக யாழ்ப்பாணத்துத் தரைக்கீழ் நீரைப் படித்தோம். கொப்பியில் ஆறேழு பக்கம் வந்திருக்கும். இன்று இரவு படுக்கப் போகமுதல் அந்தப் பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருக்கால் வாசியுங்கள். விளங்காத இடம் வந்தால் பென்சிலால் குறி போடுங்கள். இன்றைக்கு இதுதான் வேலை, நாற்பது நிமிடம் போதும். புதுப் பாடம் வேண்டாம், பழைய வினாத்தாளும் வேண்டாம்.

புதன்கிழமை வகுப்புக்கு வரமுதல் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நேற்று நான் வாயால் சொல்லி, பலகையில் எழுதாமல் விட்டது நிறைய. அது இன்றைக்கு இன்னும் உங்கள் காதில் இருக்கும். ஒரு வரியைப் பார்த்தவுடன் "ஓம், இந்த இடத்தில்தான் ரீச்சர் கிணற்றுக் கதை சொன்னவ" என்று ஞாபகம் வரும். புதன்கிழமை அது வராது, எழுத்து மட்டும்தான் இருக்கும். ஹெர்மன் எபிங்கவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் கழித்துத் திரும்பப் பாடமாக்கும்போது, முதல் நாள் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. பொருளுள்ள பாடம் அவ்வளவு கெதியாக மறக்காது, சரி. ஆனாலும் பெரிய இழப்பு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் இன்றைக்கே செய்யச் சொல்கிறேன்.

முதல் தரம் பேனை, பென்சில் ஒன்றும் கையில் வேண்டாம். வெறுமனே வாசியுங்கள். இரண்டாம் தரம் பென்சிலை எடுங்கள். ஒரு பந்தி முடிந்ததும் கொப்பியை மூடி, அதில் என்ன இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அம்மாவுக்கோ தம்பி தங்கச்சிக்கோ சொன்னால் இன்னும் நல்லது. வாசிக்கும்போதே விளங்கவில்லை என்றால் ஓரத்தில் கேள்விக்குறி. வாசிக்க விளங்குகிறது, மூடினால் சொல்ல வரவில்லை என்றால் அந்த வரிக்குக் கீழே நெளிகோடு. இந்த இரண்டு குறியும் போதும். மஞ்சள் ஹைலைட்டரைத் தயவுசெய்து தள்ளி வையுங்கள். அது அழியாது. விளங்கிய பிறகு குறியை அழிக்கத்தான் பென்சில்.

போன மாதம் ஒரு பிள்ளை தந்த கொப்பியில் ஒரு முழுப் பக்கத்துக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு பெரிய கேள்விக்குறி போட்டிருந்தது. அந்தப் பிள்ளையை நான் பேசவில்லை, குறி போட்டதே பெரிய விஷயம். ஆனால் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டபோது, பதினெட்டு வரியில் பதினாறு நன்றாக விளங்கியிருந்தது. சிக்கியது ஒரு சொல்லில். நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் எல்லைக்குத்தான் "இடைமுகம்" என்று பெயர், அது தெரியாததால் அதற்குப் பின்னால் வந்த எல்லாம் இருட்டாகிவிட்டது. ஆகவே குறியைப் பக்கத்துக்குப் போடாதீர்கள், சொல்லுக்குப் போடுங்கள். எந்த இடம்வரை கூட வந்தீர்கள், எந்தச் சொல்லில் கால் தடக்கியது என்று தேடுங்கள். பிறகு பக்கத்தில் நாலைந்து சொல்லில் கேள்வியையும் எழுதுங்கள். "விளங்கவில்லை" என்று எழுதினால் எனக்கும் ஒன்றும் விளங்காது. "ஏன் 40?" என்று எழுதினால் உடனே விளங்கும்.

அந்த 40 பற்றித்தான் எனக்கு யோசனை. நேற்று அந்த இடத்தில் வகுப்பு சத்தமில்லாமல் போனது, விளங்கிய அமைதி மாதிரித் தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் வில்லை மாதிரி ஒரு படம் கீறினோம். கடல்நீர் கனமானது, அடர்த்தி ஏறக்குறைய 1.025. நன்னீர் 1.000. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி அந்த உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீரின் உயரம் h, கடல் மட்டத்துக்குக் கீழே நன்னீர் போகும் ஆழம் z. இரண்டு பக்க நிறையையும் சமப்படுத்தினோம்:

1.025 × z = 1.000 × (z + h)
0.025 × z = h
z = 40 × h

படோன் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரால் சொல்லப்படும் தொடர்பு இது. பெயரைப் பாடமாக்குவதைப் பிறகு பார்ப்போம். வாசிக்கும்போது மூன்று இடத்தில் நின்று உங்களையே கேளுங்கள். ஒன்று, 40 மடங்கை எங்கிருந்து அளக்கிறோம்? கடல் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி. தரையிலிருந்தும் இல்லை, கிணற்றுத் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்தும் இல்லை. நேற்று நான் பார்த்த கொப்பிகளில் நாலில் அம்புக்குறி தண்ணீர் மட்டத்திலிருந்து தொடங்கியிருந்தது. இரண்டு, கிணற்று நீர் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழே என்ன நடக்கும்? உவர்நீர் 4 மீற்றர் ஏறி வரும். இது உடனே நடக்காது, சமநிலைக்கு வர நாள் எடுக்கும். ஆனால் மோட்டர் போட்டு விடிய விடிய இறைப்பதன் ஆபத்து இந்த ஒரு கணக்குக்குள் இருக்கிறது. மூன்று, படத்தில் நான் கீறிய கோடு. நிலத்துக்கடியில் அப்படி ஒரு கூர்மையான கோடு கிடையாது, நன்னீரும் உவர்நீரும் கலந்த ஒரு வலயம்தான் இருக்கிறது. இதை வாயால் சொன்னேன், பலகையில் எழுதவில்லை. இப்பவே படத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலாவரைக் கிணற்றை உதாரணமாகச் சொன்னது ஞாபகம் இருக்கும். மேலே நன்னீர், ஆழத்துக்குப் போகப் போக உவர். அந்தக் கிணற்றை இந்தப் படத்தோடு சேர்த்து உங்கள் சொந்தச் சொல்லில் விளக்க வராவிட்டால் நெளிகோடு போடுங்கள். அதேபோல, தீவுப்பக்கத்திலிருந்து வரும் பிள்ளை ஒன்று வகுப்பு முடிந்து சைக்கிள் எடுக்கும்போது, "ரீச்சர், எங்கட கிணறு மாரியில நல்ல தண்ணி, ஆவணி வந்தால் ஏன் உவர்க்குது?" என்று கேட்டது. நான் உடனே பதில் சொல்லவில்லை. நேற்றைய கொப்பியிலேயே விடை இருக்கிறது. ஒடுங்கிய நிலத்தில் வில்லை எவ்வளவு தடிப்பாக இருக்கும், வடகீழ் பருவக்காற்று மழை எந்த மாதங்களில் கிடைக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாரும் முயன்று பாருங்கள்.

சுண்ணாம்புக்கல் கரையும் பகுதி அனேகமாக எல்லாருக்கும் விளங்கியிருக்கும், விஞ்ஞானப் பாடத்தில் முந்தியே படித்ததுதான். வேகமாக வாசித்துவிட்டுப் போகலாம்.

நைத்திரேற்றுப் பகுதியில் மட்டும் நிதானமாக இருங்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம், மலகூடக் குழிகளின் கசிவு, வெடிப்பும் துவாரமுமான கல், இந்த மூன்றும் சேர்ந்தால் கிணற்றுக்கு என்ன வரும் என்று எழுதினோம். அங்கே இரண்டு எண் வரும். நைத்திரேற்றாக அளந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே அதிலுள்ள நைதரசனை மட்டும் வைத்துச் சொன்னால் ஏறக்குறைய 11. ஒரே அளவுதான், சொல்லும் விதம் வேறு. கட்டுரையில் எண்ணை எழுதி, எதாக அளந்தது என்று எழுதாமல் விட்டால் வாசிப்பவர் குழம்பிப்போவார். இந்த இடத்தில் சந்தேகம் இருந்தால் கட்டாயம் கேள்விக்குறி போடுங்கள்.

குறி போட வெட்கப்படும் பிள்ளைகள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். நான் உயர்தரம் படித்தது போர்க் காலத்தில். கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். அப்ப இதே பாடத்தில், இதே 40க்குப் பக்கத்தில், "ஏன் 40? 30 ஏன் இல்லை?" என்று பென்சிலால் எழுதி வைத்தேன். அடுத்த வகுப்பில் கேட்போம் என்று இருந்தேன். அதற்குள் 1995 ஒக்டோபர் 30 வந்தது. எல்லாரோடும் சேர்ந்து நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தோம். உடுப்புப் பையின் அடியில் அந்தக் கொப்பியும் வந்தது. படிப்பித்தவரைத் திரும்பக் காண ஏழு மாதமானது. ஏழு மாதத்துக்குப் பிறகும் அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன், எங்கே நின்றேன் என்று எனக்குத் தெரிந்தது. நானும் கேட்டேன், அவர் இரண்டு வரியில் அடர்த்திக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்தப் பென்சில் எழுத்து இல்லாவிட்டால் எதைக் கேட்பது என்றே மறந்திருப்பேன். உங்களுக்குக் கேட்க நானும் இருக்கிறேன், புதன்கிழமையும் இருக்கிறது. தயங்காமல் போடுங்கள்.

நேற்று வராத ஐந்து பேரும் பக்கத்தில் இருக்கும் ஒருவரின் கொப்பியை வாங்கிக் கையால் எழுதுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் வாசிக்க மாட்டீர்கள். எழுதும்போதே குறியும் போடலாம். உங்களுக்குக் கேள்விக்குறி கூட வரும், அது சரி.

குறி போட்டு முடியும்வரை ஒருவரை ஒருவர் கேட்க வேண்டாம். முதலில் உங்கள் சந்தேகம் உங்களுடையதாக இருக்கட்டும். முடிந்த பிறகு தாராளமாகக் கதையுங்கள். கதைத்ததில் விளங்கிவிட்டால் குறியை அழித்துவிடுங்கள், மிச்சம் நிற்பதை எனக்குக் காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு முதல், குறி உள்ள பக்கங்களை மட்டும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம். யார் என்ன கேட்டார் என்று வகுப்பில் சொல்ல மாட்டேன். ஒரு குறிகூட இல்லை என்றால், கொப்பியை மூடிவிட்டு வில்லைப் படத்தை வெறும் தாளில் கீறி, h, z இரண்டையும் குறித்து அதை அனுப்புங்கள்.

புதன்கிழமை நாலு மணிக்குப் புதுப் பாடம் தொடங்கமுதல் அரை மணித்தியாலம் உங்கள் கேள்விகளுக்குத்தான். எந்தக் கேள்வி கூடப் பேருக்கு வந்திருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவேன். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை முழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பார்த்து, அதையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். கவனமாக, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளங்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் ரீச்சர்