மாலதிக்கு, அப்பாவின் மறைவையொட்டி

சென்னை,
24.6.2025

அன்புள்ள மாலதி,

வெள்ளிக்கிழமை நாங்கள் நான்கு பேரும் நீடாமங்கலம் வந்து சேர்ந்தபோது அப்பாவை எடுக்கும் நேரமாகிவிட்டது. மாலையை வைத்துவிட்டு, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. அந்தக் கூட்டத்தில் பேச வாய் வரவில்லை. ஆனால், “நேற்று மத்தியானம் அப்பா கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை” என்று நீங்கள் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னது என் காதில் விழுந்தது. அதைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் நானே அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை தணிக்கைக் குழுவுக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தபோது உங்கள் கைப்பேசி மேசை இழுப்பறைக்குள் இருந்தது. நீங்கள் எடுக்கவில்லை என்றதும் அப்பா நம் பிரிவின் எண்ணுக்கு அழைத்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என்றைக்கோ நீங்கள் எழுதிக் கொடுத்த எண்ணாம். எடுத்தது நான்தான். கூப்பிடட்டுமா ஐயா என்று கேட்டேன். “வேண்டாம்மா, பரீட்சை எழுதுகிற பிள்ளையை எழுப்பக் கூடாது” என்று சிரித்தார். சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு, மேட்டூரில் 12ஆம் தேதி திறந்த தண்ணீர் வெண்ணாற்றுக்கு வந்துவிட்டது, கரையில் நின்றுதான் பேசுகிறேன், அதை அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றார். குரலில் களைப்பு என்று எதுவும் இல்லை. தண்ணீரைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. நீங்கள் அழைப்பை எடுக்காததில் அவருக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, மாலதி. மகள் வேலையில் கெட்டிக்காரி என்ற பெருமைதான் எனக்குக் கேட்டது.

அவர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி உங்கள் பதிவேட்டின் மேல் வைத்தேன். விசாரணை இரவு ஏழு மணி வரை நீண்டதில் நீங்கள் அதைப் பார்க்காமலே பேருந்துக்கு ஓடிவிட்டீர்கள்; நானும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குறை என்று ஒன்று இருந்தால் அது என்னுடையது, உங்களுடையது அல்ல. அந்தச் சீட்டை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன்.

அப்பாவை நான் நேரில் பார்த்தது இரண்டே முறை. உங்களைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்த அன்று, வாசலில் இருந்த ‘கைப்பேசி பயன்படுத்த கூடாது’ என்ற அறிவிப்பின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து இடையில் ஒரு ‘க்’ போட்டுவிட்டுத்தானே உள்ளே வந்தார்! ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனாவோடு நடமாடிய வாத்தியார் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை. போன மாதம் வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்த அறிவிப்பைக் கழற்றப் போனார்கள், நான் விடவில்லை. இந்தக் கடிதத்தையும் அவர் படித்திருந்தால் நான்கைந்து இடத்திலாவது சுழித்திருப்பார்.

அலுவலகத்தைப் பற்றி நீங்கள் நினைக்கவே வேண்டாம். பயணப்படிப் பட்டியல்கள் மீதான தணிக்கைக் கேள்விகளுக்கு நானே பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஈட்டிய விடுப்பு விண்ணப்பமும் தயாராக இருக்கிறது. வந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார். உங்கள் தம்பியிடம் மட்டும் ஒன்று சொல்லி வையுங்கள்: 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிந்துவிட வேண்டும். சான்றிதழில் நாலைந்து படிகள் வாங்கிக்கொள்ளட்டும். அப்பாவின் ஓய்வூதியத்துக்காகக் கருவூலத்துக்குத் தகவல் தருவதற்கும், அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அது தேவைப்படும். அந்த விண்ணப்பங்களை நான் நிரப்பித் தருகிறேன். இந்த நேரத்தில் நீங்கள் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஜூலை 5, சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல் நாள் மாலையே வந்துவிடுகிறேன். சமையற்கட்டில் ஏதாவது ஒரு வேலையை எனக்கு ஒதுக்கி வையுங்கள். அம்மாவோடும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்தால் காரியம் முடிந்த சாயங்காலம், அப்பா நின்று பேசிய அந்தக் கரைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

நீங்கள் ஒரு வாய் சாப்பிடுங்கள். அப்பா கேட்கச் சொன்னதை இப்போதாவது கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
கலைச்செல்வி