கணக்காய்வு அவதானிப்பு 4.2 இற்கான முகாமைத்துவப் பதில்: நெற்களஞ்சிய இருப்பு வேறுபாடு

2024/25 பெரும்போகத்தில் படுவான்கரைக் களஞ்சியத்தில் கொள்வனவு செய்யப்பட்ட 62,400 கிலோகிராம் நெல் தொடர்பில், இருப்புப் பதிவேட்டின்படி 41,250 கிலோகிராம் இருக்க வேண்டிய நிலையில் ஏப்ரல் 30 ஆம் திகதிய நேரடிக் கணக்கெடுப்பில் 39,420 கிலோகிராம் மாத்திரமே காணப்பட்டது என்றும், 1,830 கிலோகிராம் குறைவுக்கு ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை என்றும் கணக்காய்வாளர் அவதானித்துள்ளார். இதனைச் சங்க முகாமைத்துவம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது.

ஈரப்பதன் குறைந்ததால் எடை குறைந்தது என்று கணக்காய்வின்போது களஞ்சியத்தில் கூறப்பட்ட விளக்கத்தை நாம் இங்கு முன்வைக்கவில்லை. அது நடக்கக்கூடியதே, 18 சதவீத ஈரப்பதனுள்ள 1,000 கிலோகிராம் நெல் 14 சதவீதத்துக்கு உலரும்போது ஏறத்தாழ 953 கிலோகிராமாகும். ஆனால் கொள்வனவு முழுவதும் 16 சதவீதத்தில் வந்திருந்தால் உலர்வு இழப்பு 1,450 கிலோகிராம் அளவிலும், 18 சதவீதத்தில் வந்திருந்தால் 2,900 கிலோகிராம் அளவிலும் அமையும். பெறுகைச் சீட்டுகளில் ஈரப்பதன் குறிக்கப்படாததால், குறைவில் எவ்வளவு உலர்வு, எவ்வளவு வேறு காரணம் என்பதை இப்போது எவராலும் பிரித்துக் காட்ட முடியாது. இக்குறைபாடே அவதானிப்பின் மூலகாரணம் என நாம் கருதுகிறோம்.

இதனைச் சரிசெய்யக் கீழே குறிப்பிடப்படும் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பான அலுவலர் சங்கத்தின் கணக்காளராவார். களஞ்சியப் பொறுப்பாளர் தமது பொறுப்பிலுள்ள இருப்பைத் தாமே சரிபார்ப்பது முறையன்று என்பதால் அவருக்கு இப்பணி ஒப்படைக்கப்படவில்லை. எனினும் பதிவுகளை வழங்குவதற்கு அவர் கடமைப்பட்டவர்.

கணக்காய்வாளர் பரிந்துரைத்த 30 நாட்களுக்குள் அனைத்தையும் நிறைவேற்றுவது சாத்தியமில்லை. இப்போதுள்ள ஒரேயொரு ஈரப்பதன் மானி பழுதடைந்துள்ளதுடன், புதியதை விலைமனு கோரியே வாங்க வேண்டியுள்ளது. எனவே 2025 ஜூலை 31 ஆம் திகதிக்குள், சிறுபோக அறுவடை நெல் வரத் தொடங்குமுன், இரண்டு மானிகள் கொள்வனவு செய்யப்பட்டு, ஒவ்வொரு பெறுகைச் சீட்டிலும் எடையும் ஈரப்பதனும் விற்பனை செய்யும் விவசாயியின் கையொப்பத்துடன் பதியப்படும். தராசுகள் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரைப் பரிசோதனைக்கு அதே திகதிக்குள் உட்படுத்தப்படும்.

ஆகஸ்ட் முதல், களஞ்சியத்துடன் தொடர்பற்ற இரு ஊழியர்கள் மாதந்தோறும் இருப்பைக் கணக்கெடுத்துப் பதிவேட்டுடன் ஒப்பிடுவார்கள். 1,830 கிலோகிராம் தொடர்பில், பெறுகைச் சீட்டுகளையும் வெளியீட்டுச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்ட அறிக்கையைக் கணக்காளர் செப்டெம்பர் 15 ஆம் திகதிக்குள் பணிப்பாளர் சபைக்குச் சமர்ப்பிப்பார். அறவிடுவதா, உரிய அனுமதியுடன் பதிவழிப்பதா என்பதைச் சபை ஒக்டோபர் 31 ஆம் திகதிக்குள் தீர்மானிக்கும். நவம்பர், டிசெம்பரில் வடகீழ்ப் பருவமழையால் படுவான்கரைப் பாதைகள் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குவதால் இத்திகதிக்கு அப்பால் நீட்டிப்புக் கோரப்படமாட்டாது. தீர்மானம் எடுக்கப்படும்வரை இத்தொகை கணக்குகளில் தீர்க்கப்படாத குறைவாகவே காட்டப்படும்.

பொது முகாமையாளர்
மட்டக்களப்பு, 2025 ஜூன் 12