அறிமுகப் புள்ளியியல்: 6 வார அட்டவணை (2026)

பாடத்திட்டத்தின் 5 அலகுகளில் நிகழ்தகவுக்கு மட்டும் இரண்டு வாரம். ஒரே வாரத்தில் அடக்கினால் பரவல்கள் புரியாது. வாசிப்பைத் திங்கள் வகுப்புக்கு முன்பே முடிக்கவும்.

| வாரம் (திங்கள்) | தலைப்பு | பாடநூல் வாசிப்பு | மதிப்பீடு |
|---|---|---|---|
| 1 (ஜன. 5) | தரவு, வரைபடங்கள் | இயல் 1 | – |
| 2 (ஜன. 12) | சராசரி, திட்டவிலக்கம் | இயல் 2 | – |
| 3 (ஜன. 19) | நிகழ்தகவு விதிகள் | இயல் 3, முதல் பாதி | சிறுதேர்வு, ஜன. 23 (20%) |
| 4 (ஜன. 26) | ஈருறுப்பு, இயல்நிலைப் பரவல்கள் | இயல் 3, மீதி | ஒப்படைப்புக் கேள்விகள் வெளியீடு |
| 5 (பிப். 2) | மாதிரி, நம்பிக்கை இடைவெளி | இயல் 4 | ஒப்படைப்பு, பிப். 6, மாலை 5 மணி (30%) |
| 6 (பிப். 9) | கருதுகோள் சோதனை | இயல் 5 | – |

சிறுதேர்வில் 1, 2ஆம் வாரப் பாடங்கள் மட்டுமே. இறுதித் தேர்வு (50%) பிப். 20, வெள்ளி, முழுப் பாடமும் உண்டு. ஒப்படைப்புக்கு 4ஆம் வாரப் பரவல் கணக்குகள் தேவை, கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.