அரபு மூல நூல்களையும் பதிப்புகளையும் அடிக்குறிப்பில் காட்டுவது பற்றி நெறியாளருக்கு

பள்ளபட்டி,
ஜூலை 12

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் இயலின் வரைவில் நீங்கள் பென்சிலில் எழுதிக் கொடுத்த திருத்தங்களை எல்லாம் சேர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். "அரபு நூல்களுக்கும் நம் வழக்கமான முறையே போதும், ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நேரில் பேசினால் பாதியில் தடுமாறிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். டி.சி. என்ற ஆய்வுக் குழுவின் கூட்டத்துக்கு முன் இதை முடிவு செய்தால் மூன்றாம் இயலை ஒரே முறையில் எழுதிவிடலாம்.

நீங்கள் சொல்லிக் கொடுத்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேனுங்கய்யா. பேரூர்க் கல்வெட்டு ஒன்றைச் சொன்னால் கல்வெட்டு ஆண்டறிக்கையான ஏ.ஆர்.இ.யின் எண்ணும் ஆண்டும் கேட்பீர்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சாகியிருந்தால் தொகுதியும் எண்ணும் கேட்பீர்கள். யாரோ ஒருவர் கட்டுரையில் இருந்தது என்றால் ஒப்புக்கொள்ளவே மாட்டீர்கள். அரபு நூல்களுக்கும் அதே கறாரைத்தான் கேட்கிறேன். அங்கே அந்த எண்ணின் இடத்தில் நிற்பவர் பதிப்பாசிரியர். பதிப்பகத்தின் பெயரை விட்டால்கூடப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பதிப்பாசிரியர் பெயரை விட்டால் பக்க எண்ணுக்குப் பொருளே இல்லை.

மஸ்ஊதியின் முரூஜுத் தஹபையே பாருங்கள். பாரிஸில் 1861 முதல் 1877 வரை பார்பியே தெ மெய்னார், பாவே தெ கூர்தெய் இருவரும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு ஒன்பது தொகுதிகளாக வெளியிட்டார்கள். அதைத் திருத்தி, சார்ல் பெல்லா பெய்ரூட்டில் 1966க்கும் 1979க்கும் இடையே ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். கெய்ரோவில் முஹம்மது முஹ்யித்தீன் அப்துல் ஹமீது பதிப்பித்தது நான்கு தொகுதி. மதரஸா நூலகங்களில் பெரும்பாலும் கிடைப்பது இந்தக் கடைசிப் பதிப்போ அதன் மறுஅச்சோதான். "மஸ்ஊதி, தொகுதி 1, பக்கம் இத்தனை" என்று மட்டும் எழுதினால் வாசகர் எந்தப் புத்தகத்தைத் திறப்பார்? பெல்லா பத்திகளுக்குத் தொடர் எண் கொடுத்திருக்கிறார். அவருடைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலும் அதே எண்கள்தாம். அதனால் மஸ்ஊதிக்குப் பக்கம் வேண்டாம், பெல்லாவின் பத்தி எண்ணே போதும் என்பது என் எண்ணம். பல்கலைக்கழக விதி பக்க எண் இல்லாமல் ஏற்காது என்றால், பத்தி எண்ணை முதலில் போட்டுப் பக்கத்தை அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

இப்னு குர்தாத்பிஹின் நூலில் வேறு விதமான சிக்கல். தெ கூயே 1889இல் லெய்டனில் பதிப்பித்த ஒரே தொகுதிக்குள், முன்பக்கம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, பின்பக்கம் அரபு மூலம். இரண்டுக்கும் தனித்தனிப் பக்க வரிசை. இப்னு குர்தாத்பிஹின் நூலோடு குதாமாவின் நூலிலிருந்து எடுத்த பகுதிகளும் அதற்குள்ளேயே உண்டு. ஆக, அதே பக்க எண் அந்த ஒரே புத்தகத்தில் இரண்டு இடத்தில் இருக்கும். என் வரைவில் அந்த அடிக்குறிப்புகளில் எல்லாம் "அரபு" என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறேன். வேண்டாத சொல் என்று நீங்கள் அடித்தது அதைத்தான். அது இருக்கட்டும் அய்யா.

இப்னு பதூதாவுக்குப் பிரச்சினை குறைவு. டெஃப்ரெமெரி, சாங்கினெட்டி இருவரின் பாரிஸ் பதிப்பு (1853–1858, நான்கு தொகுதி) எல்லோருக்கும் பொது அளவுகோலாகிவிட்டது. கிப் தொடங்கிப் பெக்கிங்ஹம் முடித்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பாரிஸ் பக்க எண்களை ஓரத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே பாரிஸ் தொகுதி, பக்கம். அடுத்து ஆங்கிலப் பக்கம். தமிழகக் கடற்கரையான மஅபர் பற்றிய பகுதி 1994இல் வந்த நான்காம் ஆங்கிலத் தொகுதியில் இருக்கிறது. அப்துல் ஹாதி தாஸியின் ரபாத் பதிப்பை (1997) பாடவேறுபாடு காட்டும் இடங்களில் மட்டும் எடுப்பேன். அகராதி வரிசையில் அமைந்த யாகூத்தின் முஃஜமுல் புல்தானுக்குத் தலைச்சொல்லைக் கொடுத்தாலே போதும். வூஸ்டன்ஃபெல்டின் லைப்சிக் பதிப்பு வைத்திருப்பவரும் பெய்ரூட்டின் தார் சாதிர் பதிப்பு வைத்திருப்பவரும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. உங்கள் கட்டுரையில் 851ஆம் ஆண்டுக் குறிப்பைச் "சுலைமான் என்ற வணிகர்" எழுதியதாகக் குறித்திருக்கிறீர்கள். பழைய புத்தகங்கள் எல்லாமே அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் அந்தக் குறிப்பு இருக்கும் அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த் என்ற நூலின் முதல் பகுதிக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. கிடைத்திருப்பது பாரிஸில் உள்ள ஒரே கையெழுத்துப்படி; அதன் தொடக்க ஏடுகளும் இல்லை. சுலைமான் உள்ளே செய்தி சொல்பவராக வருகிறார், அவ்வளவே. சொவாஜே 1948இல் முதல் பகுதியை மட்டும் பதிப்பித்தபோது நூலின் பெயரையே தலைப்பாக வைத்தார். இரண்டாம் பகுதி அபூ ஜைது சீராஃபி எழுதியது. இரண்டையும் சேர்த்து மக்கின்டாஷ்-ஸ்மித் 2014இல் அரபும் ஆங்கிலமுமாகப் பிரிவு எண்களோடு வெளியிட்டிருக்கிறார். நான் அந்தப் பிரிவு எண்களைப் பின்பற்றி, முதல் பகுதியை நூற்பெயரிலும் இரண்டாவதை அபூ ஜைது பெயரிலும் குறிக்க விரும்புகிறேன். உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டும் இடத்தில் உங்கள் சொல்லை மாற்ற மாட்டேன். அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்கிறேன்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கூலம் மலை என்று அரபு நூல்கள் சொல்லும் கொல்லத்தில் சீனக் கப்பல்களிடம் ஆயிரம் திர்ஹம் வாங்கினார்கள் என்ற செய்தி அந்த முதல் பகுதியில்தான் இருக்கிறது. நம் மூன்றாம் இயலில் மேற்குக் கடற்கரையையும் பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் உள்ள வணிகக் கல்வெட்டுகளையும் இணைத்துப் பேசப் போகிறோம். அங்கே "சுலைமான் சொல்கிறார், அபூ ஜைது சொல்கிறார், மஸ்ஊதி சொல்கிறார்" என்று அடுக்கினால் மூன்று சாட்சிகள் போலத் தெரியும். அபூ ஜைது அந்த முதல் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் தன் பகுதியை எழுதினார். மஸ்ஊதி பஸ்ராவில் அபூ ஜைதைச் சந்தித்தவர். கிமார் நாட்டு இளம் அரசன் ஸாபஜ் மகாராஜாவின் தலையைத் தட்டில் பார்க்க ஆசைப்பட்டுத் தன் தலையை இழந்த கதை இரண்டு பேரிடமும் இருக்கிறது. (எத்தனை முறை படித்தாலும் சலிக்காத கதை, ஆய்வுக்குத்தான் உதவவில்லை.) ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போன செய்தி எது, தனியாகக் கேட்டு எழுதியது எது என்று அடிக்குறிப்பிலேயே காட்ட வேண்டும். "இதையே மஸ்ஊதியும்" என்று எழுதாமல் "அபூ ஜைது வழியாக வந்திருக்கக்கூடியது, ஒப்பிடுக மஸ்ஊதி" என்று எழுதுவேன். அடிக்குறிப்பு நீளும் என்பது தெரியும். உள்ளபடியே இரண்டு சாட்சிதான் என்றால் இரண்டு என்றே தெரியட்டும் அய்யா. வாய்மொழித் தேர்வில் எண்ணிக் கேட்டால் சமாளிக்க முடியாது.

நயினார் அவர்களின் 1942ஆம் ஆண்டு நூலைப் பற்றி: தென்னிந்தியா பற்றிய அரபுக் குறிப்புகளை ஒன்றாகத் திரட்டித் தந்த சென்னைப் பல்கலைக்கழக வெளியீடு அது. அது இல்லாவிட்டால் எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அதில் உள்ள மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டு அடிக்குறிப்பில் யாகூத் பெயரை மட்டும் போடுவது சரியில்லை. மூலத்தை நானே பார்த்த இடத்தில் மூலம். பார்க்க முடியாத இடத்தில் "நயினார் வழி" என்று வெளிப்படையாகப் போடுகிறேன். அல்பீரூனிக்கும் இதே முறைதான். சாக்கோவின் ஆங்கிலத்தை எடுத்தால் ஆங்கிலப் பக்கம். அரபைப் பார்த்தால் அவருடைய 1887 லண்டன் பதிப்பா, 1958 ஹைதராபாத் பதிப்பா என்பது.

ஷாமிலா மென்பொருளை நம்பாதே என்று சொன்னீர்கள். தேடுவதற்கு அதைவிட நல்ல கருவி இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு விவர அட்டை இருக்கும். பக்க எண் அச்சு நூலோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். ஒத்துப்போகாதது என்றால் திரையில் தெரியும் எண் வெறும் மின்பக்கம். என் வழக்கம் இதுதான்: தேடுவது ஷாமிலாவில், எடுத்தெழுதுவது அச்சுப் பதிப்பின் ஸ்கேனைத் திறந்து பார்த்த பிறகு. ஸ்கேன் கிடைக்காத வாக்கியம் ஆய்வேட்டில் இடம்பெறாது.

சில்லறை விஷயங்கள் சிலவும் உண்டு. துணைநூற்பட்டியலில் "அல்" என்பதைக் கணக்கில் எடுக்காமல் அகரவரிசை அமைக்கிறேன். இல்லாவிட்டால் பாதி ஆசிரியர்கள் "அ"வில் வந்து நிற்பார்கள். இறந்த ஆண்டை ஹிஜ்ரி, கிறித்து ஆண்டு இரண்டிலும் தருகிறேன்: மஸ்ஊதி 345/956, யாகூத் 626/1229. ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு கிறித்து ஆண்டுகளில் விழுவதால், மாதம் தெரியாத இடத்தில் இரண்டையும் போடுவேன். இப்னு பதூதா தன் பயணத்தைச் சொல்லி எழுதுவித்து முடித்தது 756 துல்ஹஜ், அதாவது 1355 டிசம்பர் என்று மாதம் தெரிவதால் அங்கே சிக்கல் இல்லை. பெயர்களை உள்ளே நம் ஊர் முஸ்லிம்கள் எழுதும் வழக்கப்படி தமிழில் எழுதிவிட்டு, துணைநூற்பட்டியலில் மட்டும் அரபு எழுத்தையும் சேர்க்கிறேன். க, ஹ இரண்டும் தமிழில் பல அரபு எழுத்துகளைச் சுமப்பதால் நூலகத்தில் தேடுபவருக்கு அது உதவும். அரபுத் தட்டச்சை இங்கே ஹஜ்ரத் ஒருவர் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதை எல்லாம் ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் விரிப்பது இயலாது. அதனால் ஆய்வேட்டின் தொடக்கத்தில் ஒன்றரைப் பக்கத்தில் "மூல நூல்களும் பின்பற்றிய பதிப்புகளும்" என்று ஒரு பட்டியல் வைக்க அனுமதி வேண்டும். அதில் சுருக்கப் பெயர், பதிப்பாசிரியர், இடம், ஆண்டு, எண்ணைக் குறிக்கும் முறை எல்லாம் இருக்கும். அடிக்குறிப்பில் "மஸ்ஊதி, பெல்லா, பத்தி" என்று சுருக்கமாக முடிந்துவிடும். அந்தப் பட்டியலையும், பழைய முறையிலும் புதிய முறையிலும் எழுதிய ஒரே பக்கத்தையும் இதனுடன் இணைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் பதிலில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். பெல்லாவின் பத்தி எண் போதுமா? சுலைமான் பற்றிய அந்த ஒரு வரியைச் சேர்க்கலாமா? பட்டியலை முகவுரைக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா?

திங்கட்கிழமை கோவை வந்துவிடுவேன். வெள்ளி மதியம் தவிர எந்த நேரம் சொன்னாலும் துறைக்கு வருகிறேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தங்கள் மாணவி,
ந. ரஹ்மத் நிஷா