அடக்க விலை

பிள்ளையார் சுழிக்குக் கீழே அப்பா எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"கடையைப் பெரியவன் செண்பகராஜும் பட்டறையைச் சின்னவன் முருகேசனும் பார்த்துக்கொள்ள வேண்டியது. பட்டறையில் போடும் சரக்கை அடக்க விலைக்குக் கடைக்குக் கொடுக்க வேண்டியது. கடையில் வரும் லாபத்தைத் தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடித்து இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டியது. பின்னால் இதில் எந்த வில்லங்கமும் செய்துகொள்ளலாகாது."

1986, தை மாதம். சாட்சி என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. அதனால்தான் சாத்தூரிலிருந்து என்னைக் கோவில்பட்டிக்கு வரச் சொன்னார்கள். நான் மூத்தவள். தம்பிகள் இருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: அப்பா என்ன நினைத்து இதை எழுதினார்?

அப்பா எனக்கு எதையும் விளக்கவில்லை. பேனாவை நீட்டினார், போட்டேன். அதைத்தான் சொன்னேன். இருவருக்கும் அது போதவில்லை.

சண்டை பார்சலில் தொடங்கியது. 2020-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் போனில் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். முருகேசனின் மகன் பட்டறையிலிருந்தே சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பினான். முதலில் மாதத்துக்கு நாலு பெட்டி. இப்போது கடையில் விற்பதில் பாதிக்குமேல் அதில் போகிறது. அந்தப் பணம் கடைக் கணக்குக்கு வரவில்லை.

"கடையில் வரும் லாபம் என்றுதானே அப்பா எழுதியிருக்கிறார்? பார்சல் கடைக்கே வருவதில்லை. அதில் உனக்கு ஏது பாதி?" என்றான் முருகேசன்.

"கடலை யார் கணக்கில் வாங்கினாய்? வெல்லம் யார் கணக்கில்? மூட்டை என் கணக்கில் இறங்கும், லாபம் உன் பையில் இறங்குமா?"

செண்பகராஜ் ஏற்கெனவே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பங்குதாரர் ஒருவர் கூட்டு வியாபாரத்தைக் கொண்டு தனியாகச் சம்பாதித்தால் அதைக் கூட்டுக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று 1932-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதாம். வக்கீல் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார்: உங்கள் கூட்டு பதிவு செய்யப்படாதது, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டால் நிற்காது, வீட்டிலேயே பேசி முடியுங்கள். இதை அவன் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அடுப்பு முன்னால் நிற்கிறவன் நான்," என்றான் முருகேசன். "நீ கல்லாவில் உட்காருவதற்கு மாதாமாதம் சம்பளம் எடுக்கிறாய். எனக்கு என்ன இருக்கிறது? அடக்கத்தில் கடலை இருக்கிறது, வெல்லம் இருக்கிறது, விறகு இருக்கிறது, பருப்பு உடைக்கிற பெண்களின் கூலி இருக்கிறது. நான் எங்கே இருக்கிறேன்?"

"நீ பங்குதாரன். பங்குதாரனுக்குத் தனிக் கூலி கிடையாது, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய. அதுவும் சட்டம்தான்."

"அப்படியானால் உன் சம்பளம் எந்தச் சட்டம்?" என்று கேட்டேன். பெரியவன் என்னைப் பார்க்கவில்லை.

அவனைத் திருடன் என்று நான் சொல்லமாட்டேன். அப்பா போனபோது கடன் இருந்தது. கடையை அடமானத்திலிருந்து மீட்டது அவன். சின்னவனின் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்றதும் அவன்தான். ஆனால் முருகேசனின் கையையும் நான் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் பாகைச் சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் போட்டு, அது கணீரென்று கேட்கிறதா என்று பார்ப்பான். ஒரு நிமிடம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், பிந்தினால் கசக்கும். அந்தப் பதத்துக்குத்தான் கோவில்பட்டியில் எங்கள் கடைக்கு ஆள் வருகிறது. நாற்பது வருடத்தில் அவன் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. போன மாதம் ரேஷன் கடைக் கருவியில் கைவைத்தபோது மூன்று முறை எடுக்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

"அப்பா காலத்திலேயே வெளியூருக்குச் சரக்குப் போயிருக்கிறது. அதை எந்தக் கணக்கில் எழுதினார் என்று பார்த்துவிடலாம்," என்று சொல்லிச் செண்பகராஜ் பரணிலிருந்து பேரேடுகளை இறக்கினான். ஒப்பந்தத்தை எழுதியவர் அதன்படி எப்படி நடந்தார் என்பதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் சம்மதம்.

1988, வைகாசி. "திருச்செந்தூர் விசாகத்துக்குப் பட்டறையிலிருந்து நேரே 12 டின்." வரவு கடைக் கணக்கில் ஏறியிருந்தது. அடுத்த வருடமும் அப்படியே.

முருகேசன் இரண்டு முறை படித்தான். "சரி. பார்சல் பொதுதான்," என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

பெரியவன் நோட்டை மூடப் போனான். நான் வாங்கிப் புரட்டினேன். அப்பாவின் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். வாரக் கடைசியில் ஒரு அடக்கக் கணக்கு இருந்தது. கடலை, வெல்லம், விறகு, தேங்காய்ப்பூ, சாயம், பெண்கள் கூலி. அதற்கும் கீழே, கூட்டுத்தொகைக்கு மேலே, ஒரு வரி.

முருகேசன் 90.

முந்தின வாரமும் 90. அதற்கு முந்தின வாரமும். 1991-இல் 120 ஆகியிருந்தது. 1993 ஆவணியில் அப்பா இறந்தார். அடுத்த பக்கத்திலிருந்து பெரியவன் எழுத்து. கடலை, வெல்லம், விறகு, தேங்காய்ப்பூ, சாயம், பெண்கள் கூலி. கூட்டுத்தொகை.

நோட்டைத் திருப்பி இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

"சனிக்கிழமை ராத்திரி அப்பா கொடுப்பார்," என்றான் முருகேசன். "கைச்செலவுக்குத் தருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் போனதும் நின்றுவிட்டது. செல்லம் கொடுக்கிறவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்."

"எனக்கும் தெரியாது," என்றான் பெரியவன். "கல்லாவில் நான் உட்கார்ந்த பிறகு, உனக்கு யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று யாரும் சொல்லவில்லையே. மேல்வரிகளைப் பார்த்து எழுதினேன். இதை ஏதோ வீட்டுச் செலவு என்று விட்டிருப்பேன்."

அவன் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் நம்புவது வேறு, கணக்கு வேறு. அதையும் சொன்னேன்: "அடக்கம் என்று அப்பா எழுதியதில் இவன் கூலியும் சேர்ந்திருக்கிறது. அவர் கைப்பட ஏழு வருடம் எழுதியிருக்கிறார். பார்சலுக்கு இந்த நோட்டு சாட்சி என்றால் இதற்கும் இதுதான் சாட்சி."

"இனிமேல் சேர்த்துவிடுகிறேன். பழசைக் கிளறினால் எங்கே போய் முடியும்?"

"நீ கல்லாச் சம்பளம் எடுக்க ஆரம்பித்த வருடத்தில் போய் முடியட்டும்," என்றேன். "அதற்கு முன்னால் இருவரும் எடுக்கவில்லை, விட்டுவிடுங்கள்."

செண்பகராஜ் வெகுநேரம் நோட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு இந்த வாரத்து அடக்கச் சீட்டை எடுத்தான். பெண்கள் கூலிக்குக் கீழே முருகேசன் என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றது.

"வெளியே பாகு பார்க்கிறவருக்கு நாள் கூலி என்ன கொடுக்கிறார்கள்?"

"ஆயிரம்," என்றான் முருகேசன்.

"ஆயிரமா? யார் கொடுக்கிறார்கள்? எண்ணூறுதான்."

"எண்ணூறுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வா, நான் நாளைக்கே கரண்டியைக் கொடுத்துவிடுகிறேன்."

சாத்தூர் பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது தொள்ளாயிரத்தில் நின்றிருந்தார்கள். பழைய பாக்கியை இன்னும் தொடவில்லை. அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டரை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னையும்.