நாடா

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குத் தேன்மொழிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா வாயால் "போய்ட்டு வா" என்று ஒரு சொல் வர வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் காலையில் பஸ் ஏற அவளுக்கு மனம் வராது. ஏறாவிட்டால், நாளை சாயங்காலம் நான்கு மணிக்குச் செங்கல்பட்டு நர்சிங் பள்ளியில் அவளுடைய இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

அப்பா தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். குறுக்கு நூலை ஏந்திய இடது பக்கக் கரை நாடாவைப் போட்டார், பிறகு உடலுக்கான நாடா. மயில்கழுத்துப் பட்டு வலது ஓரத்துக்கு வந்ததும் அங்கே உட்கார்ந்திருந்த தேன்மொழி அதை அரக்குக் கரையின் நூலோடு கோத்து, தன் நாடாவை விட்டாள். அப்பா பலகையை இழுத்து அடித்தார். டக். மறுபடி மிதி, மறுபடி நாடா. கோர்வைச் சேலை இப்படித்தான் ஏறும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் சேரும் இடத்தில், குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு பேர் வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பு வரை இந்த இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். குழாயடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் வலது கையில் மாவுக்கட்டு.

"அப்பா, காலையில ஆறு மணி பஸ்."

டக்.

"வியாழக்கிழமை சாயங்காலம் சேலை முதலாளி வீட்ல இருக்கணும்" என்றார் அப்பா. "இன்னும் ரெண்டு முழம் இருக்கு. நீ இருந்தா ரெண்டு நாள்."

"நாளைக்குத்தான் கடைசி நாள்ப்பா."

"சேர்ந்துட்டு ராத்திரிக்கு வந்துடு. வியாழக்கிழமை உக்காந்து முடிச்சிடலாம்."

"போன் பண்ணிக் கேட்டுட்டேன். சேர்ந்த அன்னிக்கே ஹாஸ்டல்ல தங்கணும். மறுநாள் கிளாஸ். முதல் வாரம் லீவே கிடையாதாம்."

அப்பா பதில் சொல்லவில்லை. தலைக்கு மேலே ஜக்கார்டு அட்டை ஒன்று புரண்டது. கரையில் ஓடிக்கொண்டிருந்த அன்னப்பட்சிக்கு இப்போதுதான் கழுத்து முளைக்கத் தொடங்கியிருந்தது.

தேன்மொழி வேறு பக்கமாக வந்தாள்.

"பக்கத்து வீட்டு முருகனைக் கூப்பிட்டா என்ன? சின்ன வயசுல அவங்கப்பாவுக்கு நாடா போட்டவன்தானே."

"அவன் ஒரகடத்துல கம்பெனிக்குப் போறான். ராத்திரி ஷிப்டு. பகல்ல தூங்குறவனை எழுப்பி இங்க உக்கார வைக்கச் சொல்றியா?"

"கோடித் தெரு அத்தை?"

"அத்தை தறியைப் பிரிச்சுப் பரண்ல போட்டு நாலு வருசம் ஆவுது. கை மறந்திருக்கும். கோர்வையில ஒரு நூல் தப்பினா முதலாளி விரலை வச்சுக் காட்டுவார். தெரியும்ல?"

தெரியும். அந்த விரலை அவளும் பார்த்திருக்கிறாள். சேலையை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் பேசாமல் ஓர் இடத்தில் விரலை வைப்பார். கூலியில் ஐந்நூறு போய்விடும்.

இந்தத் தெருவில் ஆளே இல்லாமல் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பள்ளிக்குப் போன நாட்களில் தெருமுனை வரை டக் டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது பிள்ளையார்பாளையத்தின் இந்தச் சந்தில் கேட்பது இந்த ஒரு தறிச் சத்தம்தான்.

"கல்யாணம் அடுத்த வெள்ளிக்கிழமைதானேப்பா? முழுசா பத்து நாள் இருக்கு. முதலாளிகிட்ட டைம் கேளுங்க."

அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு நாடா ஓடியது.

"கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"போடு."

உடல் நூல் அவள் பக்கம் வந்து காத்திருந்தது. தேன்மொழி அதைக் கோக்கவில்லை. தன் நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தானாகவே செய்தது.

"போடு தேனு."

"ஏன் கேக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க."

"போடுன்னு சொன்னேன்."

தறி நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வாசற்படிக்கு வந்து நின்றாள். அப்பாவின் கால் இன்னும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. பாவு நூல் வாயைத் திறந்தபடி கிடந்தது.

"உங்க சித்தப்பன் கேட்டான்" என்றார் அப்பா. குரல் ஏறவில்லை. "அவன் பையன் ரவிக்கு டெங்கு வந்தப்போ. ரெண்டு நாள், வெறும் ரெண்டு நாள் கேட்டான். 'ஆகட்டும்ப்பா, புள்ளையைப் பாரு'ன்னு நல்லாத்தான் சொன்னாங்க. சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தப்புறம் அடுத்த பாவு வரலை. இன்னிக்கு வா, நாளைக்கு வான்னு ரெண்டு மாசம். இப்ப எங்க இருக்கான்? கம்பெனி கேட்ல தொப்பி போட்டுக்கிட்டு வண்டி நம்பர் எழுதுறான். எனக்கு அங்க முப்பத்தஞ்சாயிரம் கடன் வேற இருக்கு. பாவு நின்னா அதைக் கொண்டான்னு கேப்பாங்க. எங்க போவேன்?"

தேன்மொழிக்குத் தொண்டை அடைத்தது. சித்தப்பா தறியை விட்டது கடனால் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"மூணு வருசம் படிச்சா எனக்கு வேலை கிடைக்கும்ப்பா. முப்பத்தஞ்சாயிரத்தை நானே அடைப்பேன்."

"மூணு வருசம் கழிச்சு. வியாழக்கிழமை?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. ஆனால் மடியிலிருந்த நாடாவை எடுக்கவும் இல்லை. எடுத்து ஓர் ஊடை போட்டால் அடுத்ததும் போட வேண்டும். அப்படியே விடிந்துவிடும்.

அப்பா குழியிலிருந்து காலை எடுத்தார். எழுந்தார். அவள் பக்கம் பார்க்காமல் அடுப்படிக்குப் போனார். உள்ளே ஏதோ உருளும் சத்தம். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் அம்மிக்குழவியைப் பிடித்திருந்தார். தேன்மொழி தன்னையறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

அவர் குனிந்து குழவியைக் குழிக்குள் இறக்கி மிதியின் மேல் வைத்தார். கால் இல்லாமலே மிதி அமுங்கியது. மூடிக்கிடந்த பாவு மறுபடி வாயைத் திறந்தது.

பிறகு தறியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"கொடு."

"என்னப்பா பண்றீங்க?"

"கொடு."

கொடுத்தாள். அவர் மண்டி போட்டு, உடல் நூலையும் கரை நூலையும் கோத்து நாடாவை விட்டார். எழுந்து சுற்றிப் போய்ப் பலகையை அடித்தார். குழவியைத் தூக்கி அடுத்த மிதியில் வைத்தார். இடது நாடா. உடல் நாடா. மறுபடி எழுந்து இந்தப் பக்கம். மூன்றாவது சுற்றில் முழங்கால் சொடுக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. நான்காவது ஊடையில் அவர் விட்ட நூல் கோர்வையில் தொய்ந்து நின்றது. அப்படியே அடித்தால் அந்த இடத்தில் கரை சுருங்கும். தேன்மொழி யோசிக்கும் முன்பே விரலை நீட்டி நூலை இழுத்துச் சரிசெய்தாள். அப்பா அவள் விரலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் அடித்தார்.

அதற்குமேல் அவர் மிதிக்கவில்லை. வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு ஊடைக்கு ஆறு நிமிசம்."

யாரும் பேசவில்லை.

"ரெண்டு பேர் உக்காந்தா ஆறு நிமிசத்துல பதினாறு போடுவோம்" என்றார், தனக்குத்தானே கணக்குச் சொல்வதுபோல. "அப்ப ரெண்டு நாள் வேலை எட்டு நாள் ஆவும். நாளைக்குக் காலையில ஆரம்பிச்சா அடுத்த புதன் ராத்திரி."

"வெள்ளிக்கிழமை கல்யாணம்" என்றாள் அம்மா. தறி நின்றதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "திங்கக்கிழமை எனக்குக் கட்டுப் பிரிப்பாங்க."

"பிரிச்ச கையோட நாடா போடுவியா நீ?"

"கோத்துக் கொடுப்பேன். விரல் நல்லாத்தானே இருக்கு."

தன்னோடு சண்டை போடத்தான் அப்பா குழவியைக் கொண்டுவந்தார் என்று தேன்மொழி நினைத்திருந்தாள். அவர் அளந்து பார்த்திருக்கிறார். அவள் இல்லாத தறி எப்படி ஓடும் என்று, முழங்கால் நோக, நாலு ஊடை அளந்து பார்த்திருக்கிறார். அது புரிந்ததும், ஜெயித்துவிட்டோம் என்ற எண்ணம் வருவதற்குப் பதிலாக, நாளைக்குப் போகத்தான் வேண்டுமா என்று முதல்முறையாக அவளுக்குள் ஒரு கேள்வி வந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவளும் விட்டிருப்பாள்.

"அப்ப போகட்டுமாப்பா?"

அப்பா ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"முதலாளி பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பார். ஆறு நாள் தவணை கொடுத்தா நீ போ."

"கேக்க மாட்டேன்னீங்களே."

"நான் கேக்க மாட்டேன்தான்." பொத்தானைத் தப்பான துளையில் போட்டு, பிரித்து, மறுபடி போட்டார். "இருபத்திரண்டு வருசமா அந்த வீட்டுக்குப் போறேன். கொடுத்ததை வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு நாள்கூட வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்லை. எனக்கு அது வராது தேனு. நீ கேளு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நானா?"

"படிக்கப்போறவ நீதானே."

அம்மா இடது கையால் அலமாரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினாள். அப்பா தலையசைத்தார்.

"அதை வச்சிடு. அவருக்கு அது வேணாம். என்னிக்குத் தருவோம்னுதான் கேப்பார். புதன்கிழமைன்னு சொல்லு. வியாழன்னு தவறிக்கூட சொல்லிடாதே."

இரண்டு தெரு தாண்டி நடந்தார்கள். வழியில் அப்பா ஒன்றும் பேசவில்லை. தேன்மொழி மட்டும் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'ஐயா, ஆறு நாள் மட்டும். புதன்கிழமை ராத்திரி சேலை உங்க கையில இருக்கும்.' இரண்டாவது தெருவில் 'ஐயா' சரியா, 'மாமா' சரியா என்று குழப்பம் வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு வரும்போது மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அவரும் மிட்டாய் கொடுத்திருக்கிறார்.

முதலாளி வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் வழியாக அடுக்கி வைத்த சேலைப் பெட்டிகள் தெரிந்தன. அப்பா படிக்குக் கீழே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே ஏறவில்லை.

"பக்கத்துல நிக்கிறேன்னீங்களேப்பா."

"இங்கதான் நிக்கிறேன்."

மூன்று படி. தேன்மொழி ஏறினாள். அழைப்பு மணியில் விரலை வைத்தபோதுதான் அந்த விரல் நுனியில் அரக்குச் சாயம் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். துடைக்க நேரமில்லை. அழுத்திவிட்டாள். உள்ளே டிவி சத்தம் குறைந்தது. யாரோ எழுந்து வரும் காலடி கேட்டது.