சேமிப்புக் கணக்கில் பெயர் மாற்றம் கோரும் கடிதம்

10.03.2025

அனுப்புநர்:
இளவேனில் மாரிமுத்து
(கணக்கில் உள்ள பெயர்: மா. போதும்பொண்ணு)
முகவரியும் கைபேசி எண்ணும் கணக்கில் உள்ளவையே. அவற்றில் மாற்றமில்லை.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்

பொருள்: 4417 என முடியும் சேமிப்புக் கணக்கிலும் அதனுடன் சேர்ந்த வைப்புத்தொகையிலும் அரசிதழ் அறிவிப்பின்படி பெயர் மாற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கிளையில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கிறேன். மா. போதும்பொண்ணு என்று இருந்த என் பெயரை இளவேனில் மாரிமுத்து என்று சட்டப்படி மாற்றிக்கொண்டேன். அந்த அறிவிப்பு 11.12.2024 தேதியிட்ட தமிழ்நாடு அரசிதழில், தனியார் அறிவிப்புகள் வரும் ஆறாம் பாகம் நான்காம் பிரிவில் வெளியாகியிருக்கிறது. பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி எல்லாம் சொல்லி, 'இனி இவ்வாறு அழைக்கப்படுவேன்' என்று முடியும் நான்கு வரிதான். பக்கத்தில் நெருக்கமாக நிறையப் பெயர்கள் இருப்பதால் என்னுடையதைப் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். மூல அரசிதழையும் கொண்டுவந்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்தபின் அதை மட்டும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதே வேலைக்காகப் பிப்ரவரி 24 அன்று ஒருமுறை வந்திருந்தேன். கவுண்டரில் இருந்தவர் அரசிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "திருமணச் சான்றிதழ் எங்கேம்மா?" என்று கேட்டார். திருமணத்துக்காக நான் பெயரை மாற்றவில்லை என்றேன். அது இல்லாமல் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று கூட்டம் அதிகம், அவரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலில் இது தெளிவாகவே இருக்கிறது. அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பிறகு ஒருவர் பெயர் மாறியிருந்தால், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழ் 'அல்லது' அரசிதழ் அறிவிப்பு, இரண்டில் ஒன்று இருந்தால் அந்த ஆவணம் செல்லும். இரண்டும் வேண்டும் என்று அதில் இல்லை. என் விஷயத்தில் பழைய ஆவணமும் இல்லை. ஆதார், பான் இரண்டிலும் பெயர் மாறிவிட்டது, இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தும் இருக்கின்றன.

பெயரை ஏன் மாற்றினேன் என்று வங்கிக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. இருந்தாலும் கேட்கிறார்கள் என்பதால் ஒரு வரி. எங்கள் வீட்டில் நான் நான்காவது பெண். ஐந்தாவதாவது பையனாகப் பிறக்கட்டும் என்று எனக்கு வைத்த பெயர் அது. அவ்வளவுதான்.

இனி செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆங்கில எழுத்துகள். உங்கள் திரையில் இப்போது POTHUMPONNU M என்று இருக்கிறது. அதை ILAVENIL MARIMUTHU என்று மாற்ற வேண்டும். பான் அட்டையில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், அரசிதழிலும் ஆதாரிலும் அதே மாதிரி விரித்தே கொடுத்துவிட்டேன். தயவுசெய்து இங்கே மட்டும் ILAVENIL M என்று சுருக்கிவிடாதீர்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அப்புறம் பான் சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்று வரும், வைப்புத்தொகை வட்டியில் பிடிக்கும் வரி என் பான் கணக்கில் சேர்வதிலும் சிக்கல் வரும். ஜூன் மாதம் முதிர்வடையும் வைப்புத்தொகை ரசீதிலும் இதே பெயர் வரவேண்டும். ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன்.

அடுத்து கையெழுத்து. புதிய பெயரில் மாதிரிக் கையெழுத்து அட்டை கொடுக்கத் தயாராக வந்திருக்கிறேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டு வாடகைக்காக 000418, 000419 என்ற இரண்டு காசோலைகளை, ஏப்ரல் 5, மே 5 தேதிகளிட்டுப் பழைய கையெழுத்தில் முன்பே கொடுத்துவிட்டேன். புதுக் கையெழுத்தைப் பதிவுசெய்த பிறகு அவை வந்தால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பிவிடக் கூடாது. இந்த இரண்டை மட்டும் பழைய மாதிரியுடன் ஒப்பிட்டுப் பணம் கொடுக்க வழி இருந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வீட்டுக்காரரிடம் திரும்ப வாங்கிக்கொண்டு புதுக் காசோலை கொடுத்துவிடுகிறேன். காசோலைப் புத்தகத்தில் மீதமுள்ள ஆறு தாள்களையும் ஒப்படைக்கிறேன். புதிய காசோலைப் புத்தகம், பாஸ்புக், டெபிட் கார்டு மூன்றும் புதிய பெயரில் வேண்டும். கார்டுக்கான கட்டணத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இதில் அவசரம் ஒன்றும் இருக்கிறது. புதிய பெயரில் எனக்கு வந்த 8,640 ரூபாய்க் காசோலை ஒன்று கையில் அப்படியே இருக்கிறது. அதன் தேதி 20.01.2025. மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் ஏப்ரல் 20க்குள் போட்டாக வேண்டும். கணக்கில் பெயர் மாறாமல் போட்டால் திரும்பிவிடும் என்று பயந்து வைத்திருக்கிறேன். அதோடு, ஏப்ரல் 1 முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்புகிறவர்களுக்குப் பெறுபவரின் பெயரைக் காட்டிச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் என் பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது. சம்பளம் அனுப்பும்போது திரையில் வேறு பெயர் வந்தால் எங்கள் ஆட்களே நிறுத்திவைப்பார்கள். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் செய்வேன். ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் மாற்றித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

என் கணக்கில் நாமினியாக இருக்கும் அம்மாவின் பெயரில் மாற்றமில்லை, அது அப்படியே தொடரட்டும். ஆனால் இதே கிளையில் உள்ள அம்மாவின் கணக்கில் நாமினியாக நான் பழைய பெயரில் இருக்கிறேன். அதை மாற்றும் டிஏ-3 படிவத்தில் அம்மாதான் ஒப்பமிட வேண்டும். அவர் கைநாட்டு வைப்பவர், அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று தெரியும். வரும் வியாழக்கிழமை, 13ஆம் தேதி, காலை அம்மாவையும் சாட்சிகள் இருவரையும் அழைத்துவருகிறேன். முழங்கால் வலி உள்ளவர். மாடிக்கு ஏறவிடாமல் கீழேயே முடித்துத்தர முடியுமானால் நல்லது.

அரசிதழ், ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், வைப்புத்தொகை ரசீது ஆகியவற்றின் நகல்களைச் சுயசான்றொப்பத்துடன் இணைத்திருக்கிறேன். புகைப்படம் இரண்டு இருக்கிறது. உங்கள் வங்கியின் பெயர் மாற்ற விண்ணப்பத்தையும் பூர்த்திசெய்து மேலே வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தின் இரண்டாவது பிரதியில் தேதியுடன் கிளை முத்திரை இட்டுத் தரும்படி வேண்டுகிறேன். போனமுறை வந்துபோனதற்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. இன்னும் ஏதாவது ஆவணம் தேவை என்றால், அது எந்த விதியின்படி என்பதையும் சேர்த்து எழுத்தில் தெரிவித்தால் கொண்டுவர வசதியாக இருக்கும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

இளவேனில் மாரிமுத்து
(முன்பு மா. போதும்பொண்ணு. இரண்டு பெயரிலும் கீழே கையொப்பமிட்டிருக்கிறேன்.)

பி.கு.: பெயர் மாறும் வரை கவுண்டரில் என்னை டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். போனமுறை பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டதும் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.